யாரும் திறக்காத பெட்டிக்குப் போகும் பதில்கள்

துணிக்கடை ஒன்றின் இணையதளத்தில் புகார் தெரிவிக்க ஒரு படிவம் இருக்கிறது. வாங்கியவர் ஒருவர் அதில் தன் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் எழுதி, "கேட்ட புடவை வரவில்லை, வேறொன்று வந்திருக்கிறது" என்று அனுப்புகிறார். கடையின் உதவிப் பிரிவுக்கு அது மின்னஞ்சலாக வந்து சேர்கிறது. ஆனால் அனுப்புநர் இடத்தில் அவர் முகவரி இல்லை. no-reply என்று தொடங்கும் இணையதளத்தின் முகவரிதான் இருக்கிறது. வாடிக்கையாளரின் முகவரியை இணையதளம் தானே போட்டு அனுப்பினால், போலி அஞ்சல் என்று சந்தேகித்து அஞ்சல் சேவைகள் அதைத் தடுத்துவிடக்கூடும். அதனால்தான் இந்த ஏற்பாடு.

சிக்கல் இதன்பிறகுதான். அனுப்புநர் யாரோ அவரே வாடிக்கையாளர் என்று எடுத்துக்கொண்டு மென்பொருள் ஒரு டிக்கெட்டைத் திறக்கிறது. ஊழியர் மன்னிப்புக் கேட்டு, புடவையை மாற்றித் தருவதாக எழுதி, டிக்கெட்டை முடித்துவிடுகிறார். அந்தப் பதில் யாரும் திறக்காத பெட்டிக்குப் போகிறது. அப்படி ஒரு முகவரியே இல்லாவிட்டால் அஞ்சல் திரும்பி வந்து குட்டை உடைத்துவிடும். பெட்டி இருந்துவிட்டால் எந்த எச்சரிக்கையும் வராது. கடையின் கணக்கில் புகார் தீர்ந்தது. வாங்கியவரோ இன்னும் காத்திருக்கிறார்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மென்பொருளின் வாடிக்கையாளர் பட்டியலில் no-reply என்று தேடுங்கள். ஒரே "வாடிக்கையாளர்" பெயரில் டிக்கெட்டுகள் குவிந்திருந்தால் நோய் அதுதான். அது ஆபத்தும்கூட: எல்லாம் ஒருவருடையவை என்று நினைத்து ஊழியர் இரண்டு டிக்கெட்டுகளை இணைத்தால், ஒருவருடைய வீட்டு முகவரி இன்னொருவர் கைக்குப் போய்விடலாம்.

தீர்வு, படிவத்திலிருந்து புறப்படும் அஞ்சலின் தலைப்பகுதியில் சேர்க்க வேண்டிய ஒரே ஒரு வரி:

```
From: no-reply@example.com
Reply-To: customer@example.net
```

இரண்டாவது வரியில் வாங்கியவரின் முகவரி இருந்தால் பதில் அவருக்குப் போகும். எல்லா உதவி மென்பொருளும் இதைத் தானாக மதிப்பதில்லை. சிலவற்றில் அமைப்பை மாற்ற வேண்டியிருக்கும். அதுவரை, டிக்கெட்டில் வாடிக்கையாளரின் முகவரியை மாற்றிவிட்டுத்தான் ஊழியர் பதில் எழுத வேண்டும்.

கூரியர், வங்கி அறிவிப்புகள் வேறு வகை. அவற்றுக்குப் பின்னால் பதிலை எதிர்பார்க்கும் மனிதர் இல்லை. "உங்கள் அஞ்சல் கிடைத்தது" என்ற தானியங்கிப் பதிலை அவற்றுக்கு அனுப்பவே கூடாது. மறுமுனையிலும் தானியங்கி இருந்தால் இரண்டும் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும். இதைத் தவிர்க்கவே 2004-இல் வெளியான RFC 3834, Auto-Submitted என்ற அடையாள வரியை வகுத்தது. எல்லோரும் அதைச் சேர்ப்பதில்லை என்பதால் முகவரியை வைத்தும் வடிகட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் வடிகட்டியதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். "வீடு பூட்டியிருந்ததால் ஒப்படைக்க முடியவில்லை" என்ற கூரியர் அறிவிப்பு, அந்த ஆர்டரின் டிக்கெட்டில் உள்குறிப்பாகச் சேர வேண்டும். யாராவது வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைக்கவும் வேண்டும்.

கடை நடத்துகிறவர்கள் தங்கள் படிவத்தை இன்றே சொந்த முகவரியிலிருந்து நிரப்பி அனுப்புங்கள். ஊழியரைப் பதில் எழுதச் சொல்லி, அது உங்கள் பெட்டிக்கு வருகிறதா என்று பாருங்கள்.