படத்திலிருந்து ஒரு பாட அட்டவணை

நூலகம் இரவல் தராத தடித்த புத்தகமா? பொருளடக்கத்தையும் கடைசியிலுள்ள சொல்லடைவையும் போனில் படமெடுத்து வந்தால் போதும். எந்த அத்தியாயத்தில் என்னென்ன இருக்கிறது என்று வீட்டிலேயே அட்டவணை போட்டுவிடலாம். படத்தை எழுத்தாக்கும் வேலையை கூகுள் லென்ஸ் செய்துவிடும். மீதி நம் கணக்கு.

பொருளடக்கம் தொடக்கப் பக்கத்தை மட்டுமே சொல்லும். ஒரு தாவரவியல் நூலில் ‘வேர்’ 41, ‘தண்டு’ 63, ‘இலை’ 88 என்றிருப்பதாக வைத்துக்கொள்வோம். அடுத்ததன் தொடக்கத்தில் ஒன்றைக் கழித்தால் வேர் 41–62, தண்டு 63–87. கடைசி அத்தியாயத்துக்குப் பின்னிணைப்பு தொடங்கும் இடமே எல்லை.

இனி சொல்லடைவு. ‘வேர்த்தூவி 47, 52’ வேரின் கீழ் போகும். ‘சைலம் 55, 70–74, 91’ மூன்றிலும் விழும். ஆனால் தொடர் பக்கங்கள் இருக்கும் தண்டில்தான் விரிவான விளக்கம் இருக்கும். ஒற்றை எண் பெரும்பாலும் போகிறபோக்கில் வரும் குறிப்புதான்.

சொல்லடைவு இரண்டு பத்தியாக இருந்தால் கருவி குறுக்கே படித்துக் குழப்பும். அகரவரிசை கலைந்திருப்பதே அதன் அடையாளம். பத்திகளைத் தனித்தனியே வெட்டிக் கொடுக்க வேண்டும்.

எண் பிழைதான் கள்ளத்தனமானது. 63 என்பது 68 ஆனாலும் ஏறுவரிசை கெடாது, கண்ணுக்குத் தப்பிவிடும். ஆனால் ‘கணு 64’, ‘கணுவிடைப்பகுதி 65’ இரண்டும் வேரின் கீழ் வந்து உட்கார்ந்திருக்கும். அப்போது மூலப் படத்தைப் பெரிதாக்கி அந்த எண்ணைப் பாருங்கள்.