துருவ ஒளியின் நிறங்கள் கூறும் செய்தி

பூமியின் வட, தென் துருவங்களைச் சூழ்ந்த பிரதேசங்களில், தெளிந்த இருண்ட இரவுகளில், வானத்தில் திரைச்சீலைகளைப் போலவும் வில்லைப் போலவும் ஒளி தோன்றி அசைந்து மறைவதுண்டு. இதனைத் துருவ ஒளி என்றும் அரோரா என்றும் வழங்குகிறோம். பெரும்பாலும் இது இளம்பச்சை நிறமுடையது. சில வேளைகளில் அதன் மேற்பகுதி செந்நிறமாகவும், கீழ் விளிம்பு ஊதா கலந்த இளஞ்சிவப்பாகவும் காணப்படும். இந்நிறங்கள் தற்செயலாக அமைந்தவை அல்ல. எந்த வாயு, எவ்வளவு உயரத்தில், எத்தகைய துகள்களால் தாக்கப்படுகிறது என்பதை அவை நமக்கு அறிவிக்கின்றன. ஆயினும் அவ்வறிவிப்பைப் படித்தறிய விஞ்ஞானிகளுக்கு ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

ஸ்வீடன் நாட்டுப் பௌதிக அறிஞர் ஆங்ஸ்ட்ராம் 1867ஆம் ஆண்டில் நிறமாலைக் கருவியைத் துருவ ஒளியை நோக்கித் திருப்பினார். சூரிய ஒளியைப் போல எல்லா நிறங்களும் தொடர்ச்சியாக விரிவதை அவர் காணவில்லை. ஒளியின் பெரும்பகுதி ஒரே ஒரு பச்சைக் கோட்டில் அடங்கியிருந்தது. தனித்தனிக் கோடுகளாக ஒளி வெளிப்படுமாயின் அது வெப்பத்தால் ஒளிரும் திடப் பொருளிலிருந்தோ, பனித் துகள்களில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியிலிருந்தோ வருவதன்று. அருகிய நிலையிலுள்ள வாயுவிலிருந்தே வருவது. இவ்வளவும் அப்பொழுதே விளங்கிவிட்டது. எந்த வாயு என்பதே புதிராக நின்றது. சோதனைச் சாலையில் எந்த வாயுவை ஒளிரச் செய்து பார்த்தபோதும் அந்தப் பச்சைக் கோடு கிடைக்கவில்லை. பூமியின் மேல்மண்டலத்தில் இதுவரை அறியப்படாத தனிமம் ஒன்று இருக்கலாம் என்றுகூடச் சிலர் கருதினர்.

துருவங்களுக்கருகில் தோன்றுவது ஏன்?

அப்புதிரின் விடையைக் காணுமுன், இவ்வொளி ஏன் உலகெங்கும் தோன்றாமல் துருவப் பகுதிகளில் மட்டும் தோன்றுகிறது என்பதைப் பார்ப்போம்.

சூரியனிலிருந்து எலெக்ட்ரான்களும் புரோட்டான்களும் இடைவிடாது வெளியேறிக்கொண்டிருக்கின்றன. சூரியக் காற்று எனப்படும் இவ்வோட்டம் சாதாரணமாக விநாடிக்கு சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் விரைந்து, நான்கு நாட்களுக்குச் சற்று அதிகமான காலத்தில் பூமியை எட்டுகிறது. இத்துகள்கள் நேராகத் துருவங்களில் வந்து விழுகின்றன என்று பலர் எண்ணுவர். உண்மை அவ்வளவு எளிதன்று. பூமியின் காந்த மண்டலம் ஒரு கேடயம் போல அவற்றில் பெரும்பகுதியை ஒதுக்கி விடுகிறது. ஆனால் அவ்வாறு ஒதுக்கப்படும் ஓட்டம் காந்த மண்டலத்தை, சூரியனுக்கு எதிர்ப்புறத்தில், அதாவது இரவுப் பக்கத்தில், நீண்ட வால் போல இழுத்து விடுகிறது. அவ்வாலில் சக்தி சிறிது சிறிதாகச் சேர்கிறது. ஓர் எல்லைக்குமேல் காந்தக் கோடுகள் அறுபட்டு வேறு விதமாக இணையும்போது, சேர்ந்த சக்தி விடுபட்டு, அங்குள்ள எலெக்ட்ரான்களைப் பூமியை நோக்கி உந்துகிறது. வரும் வழியிலும் மின் புலங்கள் அவற்றை மேலும் விரைவுபடுத்துகின்றன.

மின்னூட்டம் பெற்ற துகள் ஒன்று காந்தக் கோட்டைக் குறுக்கே கடந்து செல்வது கடினம். கோட்டைச் சுற்றிச் சுழன்றுகொண்டு அதன் நெடுகச் செல்வதே எளிது. வாலின் உட்பகுதியிலிருந்து புறப்படும் காந்தக் கோடுகள், காந்தத் துருவத்திலிருந்து ஏறத்தாழ இருபது முதல் இருபத்தைந்து பாகை தள்ளியுள்ள ஒரு வளையத்தில் பூமியை வந்தடைகின்றன. ஆகவே எலெக்ட்ரான்களும் அவ்வளையத்திலேயே வாயு மண்டலத்துள் புகுகின்றன. துருவ ஒளி அடிக்கடி தோன்றுமிடம் துருவத்தின் உச்சியன்று, அதனைச் சூழ்ந்த இவ்வளையமே என்பதற்கு இதுவே காரணம். சூரியனில் பெருங் கொந்தளிப்பு நிகழ்ந்து காந்தப் புயல் மூளும்பொழுது இவ்வளையம் அகன்று, பூமத்திய ரேகையை நோக்கி இறங்குகிறது.

பச்சைக் கோட்டின் புதிர்

இங்ஙனம் வந்து புகும் எலெக்ட்ரான், வாயுவின் அணுவையோ மூலக்கூற்றையோ மோதும்போது தன் சக்தியில் ஒரு பங்கினை அதற்கு அளிக்கிறது. சக்தி பெற்ற அணு, கிளர்ச்சி நிலையை அடைகிறது. பின்னர் தாழ்ந்த நிலைக்குத் திரும்புகையில், பெற்ற சக்தியை ஒளியாக வெளியிடுகிறது. ஒவ்வொரு வகை அணுவுக்கும் அதற்கே உரிய நிலைகள் உண்டாதலின், வெளிவரும் ஒளியின் நிறமும் அதற்கே உரியதாகும்.

வழக்கமாக இவ்வொளி, ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்கு போன்ற மிகக் குறுகிய காலத்தில் வெளிப்பட்டுவிடும். ஆனால் ஆக்ஸிஜன் அணுவில் சில நிலைகள் விதிவிலக்கானவை. பச்சை ஒளியைத் தரும் நிலையில் அணு சராசரியாக முக்கால் விநாடி காத்திருக்கிறது. அணுக்களின் உலகில் இது ஒரு யுகத்தைப் போன்றது. இக்காலத்திற்குள் அந்த அணு வேறொன்றின்மீது மோதித் தன் சக்தியைப் பறிகொடுத்துவிட்டால் ஒளி பிறப்பதில்லை. சோதனைச் சாலையின் கண்ணாடிக் குழாயில் அணுக்கள் ஒன்றோடொன்றும், குழாயின் சுவரோடும் ஓயாமல் மோதிக்கொண்டிருக்கும். அதனாலேயே அங்குப் பச்சைக் கோடு தோன்றவில்லை.

கனடாவில் டொராண்டோ நகரில் மக்லெனன், ஷ்ரம் என்ற இரு விஞ்ஞானிகள் 1925இல் இத்தடையை வென்றனர். ஆக்ஸிஜனுடன் மிகுந்த அளவில் ஹீலியம் வாயுவைக் கலந்து மின்சாரத்தைச் செலுத்தினர். கிளர்ச்சியுற்ற ஆக்ஸிஜன் அணுக்களின் சக்தியை ஹீலியம் பறிப்பதில்லை. அதே சமயம் அவை விரைவில் சுவரைச் சென்றடையாதவாறு தடுக்கிறது. ஆங்ஸ்ட்ராம் கண்ட அதே பச்சைக் கோடு அக்குழாயில் தோன்றியது. அதன் அலைநீளம், அவருடைய பெயராலேயே வழங்கும் அலகில், 5577 ஆங்ஸ்ட்ராம் ஆகும். புதிய தனிமம் என்று கருதப்பட்டது, நாம் சுவாசிக்கும் ஆக்ஸிஜனின் அணுவே என்பது இவ்வாறு வெளிப்பட்டது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நாம் சுவாசிக்கும் ஆக்ஸிஜன் இரண்டிரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு. சுமார் 100 கிலோமீட்டருக்கு மேல் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் அம்மூலக்கூறுகளைப் பிளந்து தனி அணுக்களாக்கி விடுகின்றன. ஆகவே வானில் காணும் பச்சை நிறம், ஆக்ஸிஜன் உண்டு என்பதோடு, அது பிளவுண்ட நிலையில் உண்டு என்பதையும் தெரிவிக்கிறது.

சிவப்பும் நீலமும்

உயரத்தில் தோன்றும் செந்நிறமும் ஆக்ஸிஜன் அணுவுக்கே உரியது. அதன் அலைநீளம் 6300 ஆங்ஸ்ட்ராம். இதைத் தரும் நிலையை அடையச் சுமார் 2 எலெக்ட்ரான் வோல்ட் சக்தியே போதும். பச்சையின் நிலைக்கு 4 எலெக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மிகுதியாக வேண்டும். ஆனால் சிவப்பு நிலையில் அணு இரண்டு நிமிஷ நேரம் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒவ்வொரு துகளும் விநாடிக்கு ஆயிரக்கணக்கான மோதல்களுக்கு உள்ளாகிறது. நைட்ரஜன் மூலக்கூறு, சிவப்பு நிலையிலுள்ள அணுவின் சக்தியை எளிதில் பறித்துவிடும். பச்சை நிலையிலுள்ள அணுவை அது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. ஆகையால் அவ்வுயரத்தில் சிவப்பு அணைந்து, பச்சை நிலைக்கிறது. 200 கிலோமீட்டருக்கு மேல், வாயு மிக அருகி, மோதல்கள் குறைந்த பின்னரே சிவப்பு ஒளி வெளிப்பட இடமுண்டாகிறது.

நைட்ரஜனின் நடத்தை வேறு. எலெக்ட்ரான் மோதி, நைட்ரஜன் மூலக்கூற்றிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிரித்து அதனை அயனியாக்கும்போது, 4278 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் நீல ஒளி பிறக்கிறது. இது உடனே வெளிப்படுவதாதலின் மோதல்கள் இதனை எளிதில் தடுப்பதில்லை. மிகுந்த வேகமுள்ள எலெக்ட்ரான்கள் 100 கிலோமீட்டருக்கும் கீழே ஊடுருவும்போது, அங்கு ஆக்ஸிஜன் அணுக்கள் குறைவு. உள்ளவற்றின் பச்சை ஒளியும் மோதல்களால் மங்குகிறது. நைட்ரஜனின் சிவப்பும் நீலமும் கலந்து, திரையின் அடியில் இளஞ்சிவப்பு விளிம்பாகத் தோன்றுகின்றன. அவ்விளிம்பைக் கண்டால், வரும் எலெக்ட்ரான்கள் மிக வலிமை வாய்ந்தவை என்று தெளியலாம்.

லடாக்கில் கண்ட செவ்வொளி

2024ஆம் ஆண்டு மே 10ஆம் தேதி இரவில், இருபது ஆண்டுகளில் காணாத கடுமையான காந்தப் புயல் மூண்டது. லடாக்கில் ஹான்லே என்னுமிடத்தில், 4,500 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்திய வான ஆராய்ச்சி நிலையத்தின் காமிராக்கள், வடக்குத் தொடுவானத்தில் செந்நிற ஒளியைப் பதிவு செய்தன. பச்சை ஏன் காணப்படவில்லை? பூமி உருண்டையாயிருப்பதே முதற்காரணம்.

பூமியின் ஆரம் சுமார் 6,370 கிலோமீட்டர். 110 கிலோமீட்டர் உயரத்திலுள்ள பச்சை ஒளி, தரையளவில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் தொடுவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். 400 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செவ்வொளியோ 2,200 கிலோமீட்டர் தொலைவு வரை கண்ணுக்கு எட்டும். ஹான்லே வட அட்சம் 33 பாகையில் உள்ளது. அங்கிருந்து 2,200 கிலோமீட்டர் வடக்கே சென்றால் 52 அல்லது 53 பாகை ஆகிறது. அப்பகுதிக்கு மேலே உயர்ந்து நிற்கும் திரையின் உச்சி மட்டுமே லடாக்கிலிருந்து தெரியும். அடியிலுள்ள பச்சை தெரியாது.

இரண்டாவது காரணம் ஒன்றும் இருக்கலாம். காந்தப் புயலின்போது, வளையத்திற்குத் தெற்கே, மேல்மண்டலத்திலுள்ள எலெக்ட்ரான்கள் மிகவும் சூடேறுவதுண்டு. அவற்றின் சக்தி, சிவப்பு நிலையைத் தூண்டப் போதுமானது. பச்சையைத் தூண்டப் போதாது. அங்ஙனம் பிறக்கும் வளைவு, நேர் கீழே நின்று நோக்கினும் சிவப்பு மட்டுமே உடையது. தொடுவானத்தில் மங்கலாகத் தோன்றும் செவ்வொளியை நோக்கிய மாத்திரத்தில் இவ்விரண்டில் எது என்று கூறிவிட முடியாது. சாதாரண இரவுகளிலும் வானில் மிக மெல்லிய 6300 ஆங்ஸ்ட்ராம் ஒளி உண்டு என்பதையும் மறத்தலாகாது. ஒளியின் அளவு, அது காந்தப் புயலோடு கூடிக் குறையும் முறை, பச்சையும் நீலமும் உடன் இருக்கின்றனவா என்பது ஆகிய மூன்றையும் அளந்த பின்னரே முடிவுக்கு வரவேண்டும்.

ஆராய்ச்சி நிலையங்களில் இம்முறையே கையாளப்படுகிறது. 6300 கோட்டின் ஒளியையும் 4278 கோட்டின் ஒளியையும் தனித்தனியே அளந்து ஒப்பிடுவர். சிவப்பு மிகுந்திருப்பின் வரும் எலெக்ட்ரான்கள் மெலிந்தவை, உயரத்திலேயே நின்றுவிட்டவை. நீலம் மிகுந்திருப்பின் அவை வலிமையுள்ளவை, ஆழ்ந்து இறங்கியவை. பலூன்கள் எட்டாததும், செயற்கைக் கோள்கள் நீடித்துச் சுற்ற இயலாததுமான 100 கிலோமீட்டர் உயரத்தில் நிகழ்வனவற்றைத் தரையில் நின்றவாறே அறிய, இந்நிற ஒப்பீடு இன்றும் துணைபுரிகிறது.