எண்பதும் அறுபதும் சேர்ந்து நூறாவது எப்படி?

மின்பொறியியல் ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்யும் சோதனை ஒன்று உண்டு. ஒரு மின்தடையையும் ஒரு சோக்கையும் தொடராக இணைத்து, வேரியாக் வழியாக 100 வோல்ட் மாறுதிசை மின்னழுத்தம் கொடுப்பார்கள். மின்தடை 40 ஓம் என்றும், சோக்கு 95.5 மில்லி ஹென்றி என்றும் வைத்துக்கொள்வோம். சுற்றில் 2 ஆம்பியர் ஓடும். மீட்டரை மின்தடையின் இரு முனைகளில் வைத்தால் 80 வோல்ட் காட்டும். சோக்கின் இரு முனைகளில் வைத்தால் 60 வோல்ட் காட்டும். கூட்டினால் 140 வருகிறது. நாம் கொடுத்ததோ 100தான்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. 80, 60 என்ற இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. அதனால் அவற்றைச் சாதாரண எண்களைப் போலக் கூட்ட முடியாது. எவ்வளவு நேரம் முன்பின்னாக அவை உச்சம் தொடுகின்றன என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அதற்காக வரைவதுதான் கட்ட வெக்டர் படம். ஆய்வகத்தில் ‘பேசர் டயகிராம்’ என்பார்கள்.

முதலில் இந்த முன்பின் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். மின்தடையில் சிக்கல் ஏதுமில்லை. மின்னோட்டம் ஏறும்போது அதன் மின்னழுத்தமும் ஏறும். ஓட்டம் சுழியாகும்போது அதுவும் சுழியாகும். சோக்கின் இயல்பு வேறு. அது எவ்வளவு ஓட்டம் பாய்கிறது என்பதைப் பொருட்படுத்தாது. ஓட்டம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதற்கு ஏற்பவே அதன் முனைகளில் மின்னழுத்தம் தோன்றும். மின்னோட்டத்தின் அலை சுழியைக் கடக்கும் இடத்தில்தான் மிகச் செங்குத்தாக ஏறுகிறது. ஆகவே சோக்கின் மின்னழுத்தம் அங்கே உச்சத்தில் இருக்கும். அலை தன் உச்சியில் ஒரு கணம் ஏறாமலும் இறங்காமலும் நிற்கிறது. அப்போது சோக்கின் மின்னழுத்தம் சுழி. இதனால் சோக்கின் மின்னழுத்தம் மின்னோட்டத்தைவிடக் கால் சுற்று முந்திச் செல்கிறது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுற்றுக்கு 20 மில்லி நொடி. கால் சுற்று என்பது 5 மில்லி நொடி. முழுச் சுற்றை 360 பாகையாகக் கொண்டால் கால் சுற்று 90 பாகை. காலத்தில் உள்ள இந்த இடைவெளியைத் தாளில் செங்கோணமாக மாற்றிவிடுவதே இந்தப் படத்தின் உத்தி.

இனி வரையலாம். 10 வோல்ட்டுக்கு 1 சென்டிமீட்டர் என்று அளவு வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ச் சுற்றில் எல்லா உறுப்புகளிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். எனவே அதையே அடிப்படையாக எடுத்து, இடமிருந்து வலமாக ஒரு கிடைக்கோட்டு அம்பு வரையுங்கள். மின்தடையின் மின்னழுத்தம் ஓட்டத்தோடு ஒத்துப்போவதால், அதே திசையில் 8 சென்டிமீட்டர் அளந்து குறியுங்கள். அந்த 8 சென்டிமீட்டர் முனையிலிருந்து நேர் மேலே 6 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். இது சோக்கின் மின்னழுத்தம். தொடங்கிய புள்ளியிலிருந்து இந்த மேல் முனைக்கு ஒரு கோடு இழுத்து அளந்தால் சரியாக 10 சென்டிமீட்டர் இருக்கும். அதாவது 100 வோல்ட். கிழக்கே 8 மைல் நடந்து, பிறகு வடக்கே 6 மைல் நடந்தவர், புறப்பட்ட இடத்திலிருந்து 14 மைல் தொலைவில் அல்ல, 10 மைல் தொலைவிலேயே இருப்பதைப் போன்ற கணக்கு இது.

கிடைக்கோட்டுக்கும் இந்தச் சாய்ந்த கோட்டுக்கும் இடையே பாகைமானியை வையுங்கள். ஏறத்தாழ 37 பாகை வரும். அதுவே கட்டக் கோணம். கணக்கில் சரிபார்க்க வேண்டுமானால்:

tan φ = 60 ÷ 80 = 0.75; φ = 36.87°

மின்னோட்டம், கொடுத்த மின்னழுத்தத்தைவிட 36.87 பாகை பிந்தி வருகிறது என்பது இதன் பொருள். நேரத்தில் சொன்னால் சுமார் 2 மில்லி நொடி. இரட்டைத் தட அலைகாட்டியில் கொடுத்த மின்னழுத்தத்தையும் மின்தடையின் மின்னழுத்தத்தையும் ஒன்றாகப் பார்த்தால், இரண்டு உச்சிகளுக்கும் இடையே இந்த இடைவெளி கண்ணுக்கே தெரியும்.

இங்கே மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சோக்கின் அம்பைக் கீழ்நோக்கி வரைந்துவிடுவார்கள். கீழ்நோக்கிய அம்பு மின்தேக்கிக்கு உரியது. கோணத்தின் அளவு அப்போதும் 37 பாகைதான் வரும் என்பதால் தவறு எளிதில் கண்ணில் படாது. ஆனால் ஓட்டம் பிந்துவதற்குப் பதிலாக முந்துவதாகப் படம் சொல்லிவிடும்.

இதுவரை வரைந்தது குறையற்ற சோக்குக்கான படம். நிஜச் சோக்கு செம்புக் கம்பியைச் சுற்றிச் செய்தது. அந்தக் கம்பிக்கும் தடை உண்டு. இப்போது சுற்றை மாற்றிப் பார்ப்போம். மின்தடை 30 ஓம். கொடுத்தது அதே 100 வோல்ட், ஓடுவது அதே 2 ஆம்பியர். மின்தடையில் 60 வோல்ட்டும் சோக்கில் 63.2 வோல்ட்டும் காட்டுகின்றன. இவற்றைச் செங்கோணமாக வரைந்தால் சாய்ந்த கோடு 87 வோல்ட் அளவுக்குத்தான் வருகிறது, 100 வரவில்லை. சோக்கில் தடை ஒளிந்திருப்பதை இந்தப் பொருத்தமின்மையே காட்டிக்கொடுக்கிறது. இதைக் கவனிக்காமல் 63.2-ஐ 60-ஆல் வகுத்துக் கோணம் கண்டால் 46 பாகைக்கு மேல் வரும். அது தவறான விடை.

சரியான வழிக்குக் கவராயம் ஒன்று போதும். கிடைக்கோட்டில் 6 சென்டிமீட்டர் குறியுங்கள். தொடக்கப் புள்ளியை மையமாக வைத்து 10 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வில் வரையுங்கள். மறுமுனையை மையமாக வைத்து 6.32 சென்டிமீட்டர் ஆரத்தில் இன்னொரு வில். இரண்டும் மேலே வெட்டும் புள்ளியைத் தொடக்கப் புள்ளியோடு சேர்த்தால் கோணம் மீண்டும் 37 பாகை. வோல்ட்மீட்டரைக் கொண்டு மூன்று அளவீடுகள் எடுத்தே இதைக் கண்டுபிடிக்கும் முறையை 1891-இல் அயர்டன், சம்ப்னர் என்ற இருவர் இங்கிலாந்தில் வெளியிட்டார்கள்.

இந்தப் படம் இன்னொன்றையும் தருகிறது. வெட்டுப் புள்ளியிலிருந்து கிடைக்கோட்டுக்குச் செங்குத்தாக இறங்குங்கள். 6 சென்டிமீட்டருக்கு அப்பால் இன்னும் 2 சென்டிமீட்டர் தள்ளி அது கோட்டைத் தொடும். அந்த 2 சென்டிமீட்டர், அதாவது 20 வோல்ட், சோக்கின் உள்தடையில் விழும் மின்னழுத்தம். 2 ஆம்பியரால் வகுத்தால் 10 ஓம். சோக்கைக் கழற்றி ஓம்மீட்டரில் அளந்தால் இதைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். இரும்பு உள்ளகம் சூடாவதில் வீணாகும் ஆற்றலும் படத்தில் தடையாகவே தோன்றுவதுதான் காரணம்.

வரைந்த கோணம் சரிதானா என்று வாட்மீட்டர் சொல்லிவிடும். 37 பாகையின் கோசைன் 0.8, இதுவே திறன் காரணி. 100 வோல்ட்டை 2 ஆம்பியரால் பெருக்கி, 0.8-ஆல் பெருக்கினால் 160 வாட். வாட்மீட்டரும் ஏறத்தாழ அதையே காட்ட வேண்டும். பெரிதாக விலகினால், இரும்பு உள்ளகம் தெவிட்டி மின்னோட்டத்தின் அலை வடிவம் சிதைந்திருக்கலாம். ஒரே அதிர்வெண்ணில் ஓடும் சைன் அலைகளுக்கு மட்டுமே இந்த அம்புகள் பொருந்தும். அந்த நிலையில் வேரியாக்கைக் குறைத்து, குறைந்த மின்னோட்டத்தில் மூன்று அளவுகளையும் மறுபடி எடுத்து வரைய வேண்டும்.