உஷார்! எடுத்து வைத்த புத்தகம் கைநழுவப் போகிறது

“நீங்கள் கேட்ட புத்தகம் வந்துவிட்டது, வந்து பெற்றுக்கொள்ளவும்” என்று நூலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறதா? ‘நமக்குத்தானே எடுத்து வைத்திருக்கிறார்கள், சாவகாசமாகப் போகலாம்’ என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். கெடு ஓட ஆரம்பித்துவிட்டது. கெடு தப்பினால் வரிசையின் கடைசிக்குப் போவோம் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் கிடையாது. முன்பதிவே ரத்தாகிவிடும், மறுபடி முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டும்.

கோஹா என்ற இலவச மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். நியூசிலாந்தில் ஒரு சிறிய நூலக அமைப்புக்காக எழுதி 2000-ல் புழக்கத்துக்கு வந்தது. இன்று நம் ஊர்க் கல்லூரி நூலகங்கள் பலவற்றிலும் அதுதான் ஓடுகிறது. திரும்பி வந்த புத்தகத்தைக் கவுண்டரில் ஸ்கேன் செய்ததும், ‘இதற்கு ஆள் காத்திருக்கிறார்’ என்று திரையில் பெட்டி ஒன்று எழும்பும். ஊழியர் அதை உறுதி செய்தால், உங்கள் பெயர் அச்சிட்ட சீட்டைப் புத்தகத்தில் செருகி, தனி அலமாரியில் வைப்பார். கெடு தொடங்குவது அந்த உறுதி செய்த நாளிலிருந்து. நீங்கள் மின்னஞ்சலைத் திறந்து பார்த்த நாளிலிருந்து அல்ல! மென்பொருளோடு வரும் கெடு 7 நாள். நூலகம் விரும்பினால் கூட்டலாம், குறைக்கலாம். தானாக ரத்தாகும் வசதியை இயக்கி வைத்திருக்கும் நூலகமென்றால், இரவில் ஓடும் `cancel_expired_holds.pl` என்ற நிரல் கெடு தாண்டியவற்றை யாரையும் கேட்காமல் நீக்கிவிடும். மறுநாள் போனால் புத்தகம் அதே அலமாரியில் கண்ணெதிரே இருக்கலாம். ஆனால் அது அடுத்தவருக்கு உரியது.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று பதிவு செய்யும்போதே இருக்கிறது. ‘இந்தத் தேதிக்குப் பிறகு புத்தகம் வேண்டாம்’ என்று குறிக்க ஒரு கட்டம் வரும். பலரும் ஏதோ ஒரு தேதியைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜூன் 1 அன்று பதிவு செய்கிறீர்கள். வரிசையில் 4-வது ஆள். பிரதிகள் 2, இரண்டும் அன்றுதான் வெளியே போயின. இரவல் காலம் 14 நாள். ஆள் காத்திருக்கும் புத்தகத்தைப் பொதுவாகப் புதுப்பிக்க விடமாட்டார்கள் என்பதால், இரண்டும் ஜூன் 15-ல் திரும்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் இருவரும் அன்றே வந்து எடுத்துப் போனால் ஜூன் 29-ல் உங்கள் முறை. அவர்களும் சாவகாசப் பேர்வழிகளாக இருந்து 7-வது நாள் வந்தால், ஜூலை 6. யாராவது தாமதமாகத் திருப்பினால் இன்னும் தள்ளும். வரிசை எண்ணை மட்டும் பார்த்துப் பயனில்லை, எத்தனை பிரதி என்பதையும் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். நான்காவது ஆளுக்கு 4 பிரதி இருந்தால் ஒரே சுற்றில் வேலை முடிந்தது. (குறிப்பிட்ட ஒரு பிரதிதான் வேண்டும் என்று பதிவு செய்தவர் பாடு வேறு, மற்ற பிரதிகள் சும்மா கிடந்தாலும் அவருக்கு வராது.)

‘ஒரு மாதம் போதாதா’ என்று அந்தக் கட்டத்தில் ஜூன் 30 என்று போட்டிருந்தால்? ஜூலை 6-ல் புத்தகம் வரும்போது வரிசையில் நீங்கள் இல்லை. சரி, உஷாராக ஜூலை 8 என்று போட்டீர்கள், புத்தகமும் 6-ல் வந்துவிட்டது. நூலகக் கணக்குப்படி 13 வரை கெடு. ஆனால் நீங்கள் சொன்ன தேதி அதற்கு முந்தியதாக இருந்தால், மென்பொருள் உங்கள் தேதியைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆக, கையில் இருப்பது இரண்டே நாள். அவசரம் ஏதும் இல்லையென்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

விடுமுறை நாள்களைக் கெடுவில் சேர்ப்பதா, விடுவதா என்பதும் நூலகம் எடுக்கும் முடிவு. சேர்த்தால் பொங்கல் வாரத்தில் மாட்டினோம். 2026 ஜனவரி 14 அன்று புத்தகம் வந்திருந்தால் கெடு 21 வரை. 15, 16, 17 பொங்கல் விடுமுறை, 18 ஞாயிறு. இந்த நான்கு நாளும் பூட்டியிருக்கும் நூலகத்தில், வந்த நாளை விட்டால் மிச்சம் மூன்றே நாள். கவுண்டரில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். உங்கள் கணக்கில் முன்பதிவு அறிவிப்பு ‘டிக்’ செய்யப்பட்டிருக்கிறதா, மின்னஞ்சல் முகவரி சரிதானா என்பதையும் அப்போதே பாருங்கள். அறிவிப்பு வரவில்லை என்பதற்காகக் கெடு நிற்காது.

ஊருக்குப் போகிறீர்களா? பல நூலகங்களில் முன்பதிவைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம், எந்தத் தேதி வரை என்றும் சொல்லலாம். இடையில் புத்தகம் வந்தால் பின்னால் இருப்பவருக்குப் போகும்; உங்கள் இடம் அப்படியே இருக்கும். ஆனால் புத்தகம் உங்கள் பெயரில் அலமாரி ஏறுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ஏறிவிட்டால் அந்தப் பொத்தான் இருக்காது.