பச்சை டிக் வந்தும் பணம் வரவில்லையா?

மளிகைக் கடையில் 640 ரூபாய்க்குச் சாமான் வாங்கியவர் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பணம் அனுப்புகிறார். போனில் பச்சை டிக் விழுகிறது. கல்லாவில் இருக்கும் சவுண்ட் பாக்ஸ் மட்டும் பேசவில்லை.

“அண்ணே, காசு போயிடுச்சு, பாருங்க.”

“எனக்கு வரலையே தம்பி.”

இருவருமே உண்மை பேசுகிறவர்களாக இருக்கலாம். சவுண்ட் பாக்ஸுக்குச் சிக்னல் கிடைக்காவிட்டால், பணம் வந்திருந்தாலும் அது அறிவிக்காது. அதேபோல வாடிக்கையாளர் காட்டும் திரையை மட்டும் கடைக்காரர் நம்பவும் முடியாது. பணம் போனதாகக் காட்டும் போலிச் செயலிகள் புழக்கத்தில் இருக்கின்றன. இரு தரப்புக்கும் பொதுவான சாட்சி, ஒவ்வொரு யூபிஐ பரிமாற்றத்துக்கும் கிடைக்கும் 12 இலக்க யூடிஆர் எண். வாடிக்கையாளர் செயலியில் அந்தப் பரிமாற்றத்தைத் தொட்டால் அது தெரியும். கடைக்காரர் தன் செயலியிலோ வங்கிக் கணக்கிலோ அதே எண்ணைத் தேட வேண்டும். எஸ்எம்எஸ் வரவில்லை என்பதை வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

எண் கிடைக்கவில்லை என்றால், பணம் யார் பெயருக்குப் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கடையின் ஸ்டிக்கர் மேல் வேறொருவர் தன் கோடை ஒட்டிவிட்டுப் போகும் மோசடி பல ஊர்களில் நடந்திருக்கிறது. பெயர் மாறியிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும். கடைக்காரர் அந்த ஸ்டிக்கரை உடனே மறைத்துவிடுவது நல்லது; இல்லாவிட்டால் அடுத்தவர் பணமும் அங்கேதான் போகும்.

பெயர் சரியாக இருந்து, நிலை ‘Pending’ என்று நின்றால், வாடிக்கையாளரின் வங்கி பணத்தைக் கழித்திருக்கலாம், ஆனால் பரிமாற்றம் இன்னும் உறுதியாகவில்லை என்று பொருள். இங்கேதான் பலர் அவசரப்பட்டு மறுபடியும் ஸ்கேன் செய்கிறார்கள். சற்று நேரத்தில் இரண்டு தொகையும் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ரொக்கம் கொடுத்துவிட்டு, பில்லின் பின்புறம் யூடிஆர் எண்ணையும் ‘யூபிஐ பணம் வரவில்லை, ரொக்கம் பெறப்பட்டது’ என்ற வரியையும் கடைக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்வது பாதுகாப்பு. பிறகு அந்தத் தொகை கடைக்கு வந்தால், திருப்பிக் கேட்க அந்தச் சீட்டு போதும்.

கடைக்கு வராமலே நின்றுவிட்ட பணத்துக்கு ரிசர்வ் வங்கி 2019-இல் கெடு விதித்தது. கணக்கில் கழிந்தும் கடையில் உறுதியாகாத தொகை, பரிமாற்ற நாளுக்குப் பின் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் கேட்காமலே வங்கி தர வேண்டும். 3-ஆம் தேதி போன 640 ரூபாய் 8-ஆம் தேதிக்குள் வர வேண்டும். 12-ஆம் தேதிதான் வந்தது என்றால் 400 ரூபாய் சேர்த்து வர வேண்டும்.

ஆனாலும் சும்மா காத்திருக்க வேண்டியதில்லை. செயலியில் அந்தப் பரிமாற்றத்தின் கீழேயே புகார் பதியலாம். கூகுளில் தேடிக் கிடைக்கும் ‘கஸ்டமர் கேர்’ எண்களை அழைக்கவே கூடாது, அவற்றில் பல மோசடிக்காரர்களுடையவை. செயலியில் தீராவிட்டால் தன் வங்கியில் எழுத்தில் கொடுக்கலாம். 30 நாளாகியும் பதில் இல்லையென்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வங்கியில் கொடுத்த புகாரின் நகலை அங்கே கேட்பார்கள்.