எந்த வேலை எந்த மொழிக்கு?
இருமொழி விவரணை எழுதுவது குறித்து

1986 ஆகஸ்ட் 11 அன்று, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 ஈழத் தமிழர்களை அந்தப் பகுதி மீனவர்கள் கண்டெடுத்துக் காப்பாற்றினார்கள். இந்தச் சம்பவம் பற்றி நண்பர்கள் சிலர் 12 நிமிட விவரணப்படம் ஒன்றை எடுத்தார்கள். ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த, பதினைந்திலிருந்து இருபது வயதுக்கு இடைப்பட்ட பிள்ளைகளுக்கான படம் அது. வீட்டில் தமிழ் கேட்டு, ஆங்கிலத்தில் பதில் சொல்லி வளர்ந்த பிள்ளைகள். படத்தின் பின்னணி உரையை இரண்டு மொழியிலும் எழுதும் வேலை எனக்கு வந்தது. முதல் பிரதி தோற்றுப்போயிற்று. ஏன் தோற்றது என்பதிலிருந்துதான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது.

முதல் பிரதியின் ஒரு பகுதி இது. ஆங்கில வரிகளையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். எப்படியும் இவை காதுக்கு எழுதப்பட்டவைதானே.

'ஒன் ஹண்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி ஃபைவ் தமிழ்ஸ் வேர் ஃபவுண்ட் ட்ரிஃப்டிங் ஆஃப் நியூஃபவுண்ட்லாந்த். கடல் தாயே, எங்கள் கண்ணீரை நீ அறிவாய்.'

எழுதியபோது எனக்கு இது நன்றாகவே இருந்தது. இரண்டு மொழிக்கும் சம இடம் கொடுத்துவிட்டதாக ஒரு திருப்தி வேறு. பிறகு ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து, ஒவ்வொரு வாக்கியமும் என்ன வேலை செய்கிறது என்று ஓரத்தில் குறிக்கத் தொடங்கினேன். தகவல், காரணம், உணர்ச்சி, அழைப்பு என்று நாலே நாலு வகை. முடிவில் பார்த்தால் தகவலும் காரணமும் முழுக்க ஆங்கிலத்தில். தமிழுக்கு மிஞ்சியது ஒப்பாரி மட்டும். தமிழ் வரிகளை எல்லாம் வெட்டிவிட்டு வாசித்துப் பார்த்தேன். ஒரு விஷயமும் குறையவில்லை. அதாவது தமிழ் அங்கே வெறும் பின்னணி இசையாக இருந்திருக்கிறது.

இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஆங்கிலத்துக்கு அறிவு, தமிழுக்கு உணர்ச்சி என்கிற பழைய பிரிவினை அந்த உரைக்குள் சத்தமில்லாமல் வேலை செய்திருக்கிறது. படம் பார்க்கிற பிள்ளைக்கு, சொல்லப்படும் கதையைவிட இந்தப் பிரிவினைதான் முதலில் போய்ச் சேரும். தமிழில் அழலாம், யோசிக்க ஆங்கிலம் வேண்டும் என்று. தமிழை வளர்க்க எடுத்த படம் இதைக் கற்றுக்கொடுத்தால் அதைவிட என்ன கேடு?

ஆகவே இரண்டாம் பிரதிக்கு ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன். தகவலிலும் காரணத்திலும் பாதியையாவது தமிழ் சுமக்க வேண்டும். உணர்ச்சியில் ஒரு பகுதியை ஆங்கிலம் சுமக்க வேண்டும். ஒரு மொழியில் சொன்னதை மற்ற மொழியில் திருப்பிச் சொல்லக்கூடாது. திருப்பிச் சொல்கிறார்கள் என்று தெரிந்தால், தமிழ் வரும்போது பிள்ளை காதை மூடிக்கொண்டு அடுத்த ஆங்கில வரிக்குக் காத்திருக்கும்.

விதி வைப்பது லேசு. எந்தத் தமிழ் என்பதில்தான் சிக்கல். இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது என்று பெரியவர்கள் சொல்வது பாதிதான் உண்மை. 'மீட்கப்பட்டனர்', 'தஞ்சம் கோரினர்' என்பதெல்லாம் அவர்களுக்கு ரேடியோச் செய்தி, அந்நிய மொழி. ஆனால் 'காப்பாத்தினவை', 'திருப்பி அனுப்பிப்போடுவினம்' என்பது அம்மம்மா ரெலிபோனில் பேசும் மொழி. அதில் என்ன காரணம், யார் செய்தது, எதுக்கு முன்னம் எது நடந்தது எல்லாமே அவர்களுக்குப் பிடிபடும். தமிழின் எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் இடையிலுள்ள பள்ளத்தில்தான் இந்தத் தலைமுறை விழுந்து கிடக்கிறது. விவரணை என்றால் செந்தமிழ் என்ற பழக்கத்தை விட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மீதிப் பாதியில் முக்கியமானது எண். வீட்டுத் தமிழ் நன்றாக விளங்கும் பிள்ளைகள்கூட இருபதுக்கு மேல் தமிழ் எண்களைத் தொலைத்துவிடுகிறார்கள். 'நூற்றைம்பத்தைஞ்சு' என்று குரல் சொல்லும்போது அதைக் கணக்குப்போட்டு முடிப்பதற்குள் அடுத்த இரண்டு வாக்கியம் ஓடிவிடும். அதற்காக எண்ணை ஆங்கிலத்துக்குக் கொடுத்தால் தகவல் மறுபடி ஆங்கிலத்தின் கைக்குப் போய்விடும். நாங்கள் செய்தது, குரல் தமிழில் சொல்ல, அதே கணத்தில் திரையில் 155 என்று இலக்கத்தைப் போட்டோம். ஆண்டும் அப்படியே. 'எண்பத்தாறாம் ஆண்டு' என்று குரல், திரையில் 1986. அதேவேளை தமிழ் வரிகளின் கீழ் ஆங்கில உபதலைப்பு போடவில்லை. வாசிக்க எழுத்து இருந்தால் கண் அங்கே போகும், காது தன் வேலையை நிறுத்திக்கொள்ளும்.

அடுத்தது, எங்கே மொழி மாறுவது. இரண்டு மொழியின் சொல்லொழுங்கும் பொருந்துகிற இடத்தில்தான் பேச்சில் மாற்றம் இயல்பாக நிகழ்கிறது என்று மொழியியலாளர் ஷானா பாப்லாக் 1980இல் எழுதினார். நியூயோர்க்கின் போர்ட்டோரிக்கர்கள் ஸ்பானிஷையும் ஆங்கிலத்தையும் கலந்து பேசுவதை வைத்துச் சொன்னது அது. அந்த இரண்டு மொழியிலும் வினைக்குப் பின்னால் செயப்படுபொருள் வரும். தமிழில் வினை கடைசியில். ஆகவே 'அவை ஏறினவை ரூ லைஃப்போட்ஸ்' என்று எழுதினால் அதை ஒருவரும் பேசமாட்டார்கள். எழுத்தாளன் மேசையில் செய்த கலப்பு என்று பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும்.

தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் உறுத்தாத கதவுகளாக மூன்றைக் கண்டேன். ஒன்று வாக்கியத்தின் முடிவு. இரண்டாவது, எச்சத்தில் முடியும் தமிழ்த் தொடரை முன்னால் வைத்து முதன்மை வாக்கியத்தை ஆங்கிலத்தில் தொடர்வது: 'விடியும்வரைக்கும், நோபடி ஸ்லெப்ட்.' மூன்றாவது நம்முடைய 'எண்டு'. ஆங்கிலத்தில் யாரோ சொன்னதை முழுதாக வைத்து, கடைசியில் ஒரு 'எண்டு' போட்டால் அந்தப் பேச்சு முழுவதும் தமிழ்க் கதையாடலுக்குள் அடங்கிவிடும். 'தே ஆர் நாட் ரியல் ரெஃப்யூஜீஸ் எண்டு கொஞ்சப் பேர் கதைச்சவை.' ஆங்கிலம் இங்கே தீர்ப்பாக நிற்கவில்லை, யாரோ கொஞ்சப் பேர் கதைத்ததாகச் சுருங்கிப்போகிறது. அதிகாரத்தின் சொல்லாடலை மேற்கோளாக்கிவிட ஒரு சொல் போதும் என்பதை நான் இதில்தான் கண்டேன்.

இனி, படத்தில் எங்களைச் சண்டைபிடிக்க வைத்த இடம். காப்பாற்றப்பட்டவர்கள் முதலில் தாங்கள் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னார்கள். கப்பல் புறப்பட்டது மேற்கு ஜேர்மனியிலிருந்து என்பது சில நாட்களில் வெளியே வந்துவிட்டது. இதை விட்டுவிடுவோம், பிள்ளைகளுக்கு எதுக்கு என்றார் குழுவில் மூத்த நண்பர் ஒருவர். அவருடைய பயம் எனக்கு விளங்கியது. ஆனால் பிள்ளை வீட்டுக்குப் போய்த் தேடினால் ஐந்து நிமிடத்தில் ஆங்கிலத்தில் கண்டுபிடித்துவிடும். அப்போது நாங்கள் சொன்ன மற்றதெல்லாம் பொய்யாகும். முதல் பிரதியில் நான் அதை ஆங்கிலத்தில் மட்டும் ஒரு வரியாக வைத்திருந்தேன். அது வேறு விதத்தில் தவறு. அந்த வரி நீதிமன்றக் குற்றச்சாட்டைப்போல ஒலித்தது. பதில் சொல்லத் தமிழுக்கு இடமே இல்லை. கடைசியில் நின்றது இந்தப் பிரதி:

'இந்தியாவில இருந்து வந்தனாங்கள் எண்டு சொன்னவை. தற் வாஸ் நாட் ட்ரூ. கப்பல் வெளிக்கிட்டது ஜேர்மனியில இருந்து. ஏன் அப்பிடிச் சொன்னவை? ஜேர்மனி எண்டால் திருப்பி அங்கேயே அனுப்பிப்போடுவினம் எண்ட பயம். ஐ வுட் ஹாவ் செட் த சேம்.'

உண்மையல்ல என்பதை ஆங்கிலம் மழுப்பாமல் சொல்கிறது. எங்கிருந்து, ஏன் என்பதைத் தமிழ் சொல்கிறது. நெஞ்சைத் தொடும் கடைசி வரி ஆங்கிலத்தில், பிள்ளை தனக்குள் பேசிக்கொள்ளும் மொழியில் வருகிறது. மூத்த நண்பர் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு 'சரி, இருக்கட்டும்' என்றார்.

குரலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழுக்கு ஒரு முதிய பெண், ஆங்கிலத்துக்கு ஒரு இளைஞன் என்றுதான் முதலில் யோசித்தோம். அப்படிச் செய்திருந்தால் தமிழ் இறந்தகாலம், ஆங்கிலம் எதிர்காலம் என்று படத்தின் வடிவமே சொல்லியிருக்கும். இரண்டு மொழியையும் 22 வயதுப் பெண் ஒருத்தியே பேசினாள். ளகரமும் ழகரமும் அவளிடம் ஒன்றாகத்தான் ஒலித்தன. திருத்தவில்லை. நேரக் கணக்கையும் அவளை வைத்தே பார்த்தோம். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 130 சொல் அளவில் பேசினாள், தமிழில் 80 தாண்டவில்லை. தமிழ்ச் சொல் தன் விகுதிகளையெல்லாம் சுமந்து நீளமாக வருவது. சொல்லை எண்ணி எழுதினால் காட்சி முடிந்த பிறகும் குரல் ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்தற்கடிகாரத்தை வைத்து வாய்விட்டு வாசித்துத்தான் வெட்ட வேண்டும்.

வேலை சரிவந்ததா என்று எப்படி அறிவது? 'விளங்கினதா?' என்று கேட்கக்கூடாது, எல்லோரும் ஓம் என்பார்கள். படம் முடிந்ததும் கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னோம், விரும்பிய மொழியில். தமிழில் மட்டும் சொல்லப்பட்ட ஒரு காரணம் அவர்களுடைய ஆங்கிலக் கதையில் வந்தால் அது போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். ஜேர்மனிப் பயம் வந்தது. படகில் தண்ணி இறைத்தது பலருடைய கதையில் வரவில்லை. 'இறைக்கிறது' என்ற சொல் கிணறில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இல்லை. சொல்லை மாற்றவில்லை. அந்த இடத்தில் வாளியால் நீரை அள்ளி ஊற்றும் இரு கைகளின் படத்தை வைத்தோம்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. வீட்டிலேயே தமிழ் கேட்காத பிள்ளைக்கு இது உதவாது. யாழ்ப்பாணப் பேச்சை வைத்து எழுதியது, சென்னையிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைக்குப் பாதி நழுவும். இருமொழி விவரணை என்பது எல்லோருக்குமான பொதுத் தமிழாக இருக்க முடியாது. அது ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு வீட்டின் தமிழ்தான். எந்த வீடு என்று முதலிலேயே முடிவுசெய்யாதவன், கடைசியில் ஆங்கிலத்தில் எழுதி மேலே கொஞ்சம் தமிழைத் தூவுகிறான். என் முதல் பிரதி அதுதான்.