ஓடை வழியே கடலுக்கு

எப்படிப் படிப்பது என்று கேட்ட மாணவர் ஒருவருக்கு, 13-ஆம் நூற்றாண்டின் இத்தாலிய இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் எழுதியதாக ஒரு லத்தீன் கடிதம் வழங்கி வருகிறது. ஒரே பக்கத்தில் அடங்கிவிடும் கடிதம் அது. பெறுபவர் யோவான் என்னும் இளம் துறவி. அறிவுச் செல்வத்தைச் சேர்க்கும் வழி எது என்பது அவருடைய கேள்வி. எடுத்த எடுப்பிலேயே கடலில் இறங்காமல் சிற்றோடைகள் வழியாக நுழைய வேண்டும், எளியதைக் கடந்துதான் கடினமானதை எட்ட முடியும் என்று ஆசிரியர் தொடக்கத்திலேயே விடை சொல்லிவிடுகிறார். இதை எழுதியவர் அக்குவினாஸ்தானா என்பதில் ஆய்வாளர்களுக்கு ஐயம் உண்டு. ஆனால் இதில் உள்ள கருத்து அவருடைய நூல்களோடு நன்றாகப் பொருந்துகிறது.

அக்காலத்து இறையியல் மாணவர் முன்னே இருந்தது உண்மையிலேயே கடல்தான். விவிலியம் ஒருபுறம், நான்கு பாகங்கள் கொண்ட பீட்டர் லொம்பார்டின் பாடநூலும் அதற்கு எழுந்த உரைகளும் மறுபுறம். அரிஸ்டாட்டிலின் நூல்களும் அப்போதுதான் லத்தீனில் வந்து சேர்ந்துகொண்டிருந்தன. அக்குவினாஸ் சார்ந்திருந்த தொமினிக்கன் சபையில் படிப்பு விருப்பப் பாடம் அல்ல, கடமை. மறையுரை ஆற்றுவதே அச்சபையின் பணி என்பதால் கல்லாத துறவிக்கு அங்கே வேலை இல்லை. பாடத்தோடு வாதப் பயிற்சியும் நடக்கும். அடிப்படை தெரியாத மாணவர் அந்த வாதங்களைக் கேட்டால், விடைகளைவிடக் கேள்விகளே அவர் மனத்தில் குவியும்.

கடிதத்தின் அறிவுரைகள் இரு வகை. முதல் வகை நடத்தை பற்றியது. நிதானித்துப் பேச வேண்டும். அரட்டை நடக்கும் கூடத்துக்கு அவசரப்பட்டுப் போகக் கூடாது. தன் அறையில் இருக்கப் பழக வேண்டும். எல்லோரிடமும் அன்பாக இருந்தாலும் யாரோடும் அளவுமீறி நெருங்கக் கூடாது. பிறர் செயல்களைத் துருவக் கூடாது. அளவுமீறிய நெருக்கம் மதிப்பைக் குறைப்பதோடு படிப்பிலிருந்து விலகவும் சாக்கு தருகிறது என்று கடிதம் காரணமும் சொல்கிறது. சிறிது சிறிதாகக் கற்பவருக்கு நாள் தவறாத நேரம் தேவை. இந்த விதிகள் அந்த நேரத்தைக் காக்கின்றன.

இரண்டாம் வகை கற்கும் முறை பற்றியது. சொல்பவர் யார் என்று பாராமல் நல்லதை நினைவில் இருத்த வேண்டும். படித்ததையும் கேட்டதையும் புரிந்துகொள்ள வேண்டும். ஐயம் எழுந்தால் அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். முடிந்ததையெல்லாம் மனத்தில் சேமிக்க வேண்டும். தனக்கு எட்டாததைத் தேடக் கூடாது. கடைசி விதி விவிலியத்தின் சீராக் நூலை ஒட்டியது. அதை நிரந்தரத் தடையாகக் கொள்ள வேண்டியதில்லை. இந்த வழியில் நடந்தால் விரும்பியதை அடையலாம் என்றே கடிதம் முடிகிறது. இந்த விதிகளில் அடிக்கடி விடுபடுவது ஐயம் தீர்ப்பதுதான். புரியாத இடத்தைத் தாண்டிப் போன மாணவருக்கு அடுத்த பாடத்தின் சொற்கள் மட்டும் நினைவில் நிற்கும். அதைத் தன் சொற்களில் சொல்லச் சொன்னால் தடுமாறுவார்.

ஓடை எப்படி இருக்கும் என்பதற்கு அக்குவினாஸின் இறையியல் தொகுப்பான ‘சும்மா தெயோலோகியே’ சான்று. 1265-ஐ ஒட்டி ரோம் நகரில் தொடங்கிய அந்நூல் தொடக்கநிலை மாணவருக்கானது என்று அதன் முன்னுரை கூறுகிறது. பயனற்ற கேள்விகளின் பெருக்கம், பாடத்துக்குரிய வரிசை இன்மை, கூறியது கூறி வரும் சலிப்பு என மாணவரைத் தடுக்கும் மூன்றை அது சுட்டுகிறது. கடவுள் உண்டா என்ற பெரிய கேள்வியை இந்நூல் உடனே எடுப்பதில்லை. கடவுள் உண்டு என்பது யாரும் விளக்காமலே விளங்குவதா என்று முதலில் கேட்கிறது. இல்லை என்றான பிறகு, அதை வாதத்தால் நிறுவ முடியுமா என்று கேட்கிறது. முடியும் என்று கண்ட பிறகே மூன்றாவதாகக் கடவுள் உண்டா என்று கேட்டு ஐந்து வழிகளை முன்வைக்கிறது. ஒவ்வொரு படியிலும் எதிர்வாதங்கள் முதலில் வருகின்றன. பிறகு ஆசிரியரின் விளக்கம், கடைசியில் அந்த எதிர்வாதங்களுக்கு மறுமொழி. ஐயத்தைத் தீர்க்காமல் அடுத்த படிக்குப் போக இந்த அமைப்பு இடம் தருவதில்லை.

ஓடை வழி வேகமானது அல்ல. ‘சும்மா’வை எழுதிய அக்குவினாஸே 1273 டிசம்பரில் அதை நிறுத்திவிட்டார், மறு ஆண்டு இறந்தார், நூல் முற்றுப்பெறவில்லை. கடிதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எந்த ஓடையில் தொடங்குவது, அடுத்தது எது என்பதை அது சொல்வதில்லை. வழி தெரியாத மாணவரால் அந்த வரிசையைத் தாமாக வகுக்க முடியாது. படிகளை வரிசைப்படுத்திக் கொடுப்பது ஆசிரியரின் வேலை. ஒரு படியில் ஐயம் தீராமல் அடுத்ததில் கால் வைக்காதிருப்பது மாணவரின் வேலை. முன்னது செய்யப்படாத இடத்தில், மெதுவாகப் போ என்ற அறிவுரையால் மட்டும் பயனில்லை.